வளிமண்டலத்திற்கு மேலே ஒரு தொலைநோக்கி

செகந்திராபாத்தின் படைவீட்டுப் பகுதியில் அமைந்துள்ளது திருமுல்கேரி. அதற்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், ஈ.சி.ஐ.எல். பகுதியில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம் இருக்கிறது. மழைக்காலம் ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் மாதங்களில், காற்று அடங்கிய இரவு வேளையில், அங்கிருந்து பெரிய வெண்ணிறப் பலூன்கள் எழுவதுண்டு. திருவிழாவில் விற்கும் பலூனைப் போன்றவை அல்ல இவை. இவற்றின் அடியில் நீண்ட கயிற்றில் ஒரு வான்குடையும், அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான கிலோகிராம் எடையுள்ள ஒரு கருவியும் தொங்கும். அந்தக் கருவி பல வேளைகளில் ஒரு தொலைநோக்கி ஆகும்.

தொலைநோக்கியைத் தரையில் ஊன்றிவைத்தாலே வானம் தெரியுமே; அதை ஏன் வானத்திற்குத் தூக்கிச் செல்ல வேண்டும்? இவ்வினா நியாயமானதே. இதே நகருக்கு அருகில், சப்பல்–ரங்காபூர் என்னுமிடத்தில், உஸ்மானியாப் பல்கலைக்கழகம் 48 அங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தரையில்தான் நிறுவியது. ஆனால் அது பார்த்தது கண்ணுக்குப் புலனாகும் ஒளியை. விண்மீன்கள் அனுப்புவது அந்த ஒளி மட்டுமன்று. எக்ஸ் கதிர்களும் அகச்சிவப்புக் கதிர்களும் அவற்றிலிருந்து வருகின்றன. அவை பல ஆயிரம் ஆண்டுகள் விண்வெளியில் தடையின்றிப் பயணம் செய்து, நம் தலைக்கு மேல் சில கிலோமீட்டர் உயரத்தில், காற்றிலே அழிந்துபோகின்றன. அழிவது ஒன்றே எனினும், இவ்விரு கதிர்களும் அழியும் முறை வேறு வேறு. அந்த வேறுபாட்டை அறிந்தால்தான் எந்தத் தொலைநோக்கி எவ்வளவு உயரம் செல்ல வேண்டும் என்பது விளங்கும்.

கையை ஊடுருவும் கதிர் காற்றில் ஏன் நிற்கிறது?

கீழே விழுந்து கை வீங்கிய சிறுவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால், எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கிறார்கள். கதிர் தோலையும் தசையையும் ஊடுருவிச் சென்று, எலும்பின் நிழலைப் படத்தில் பதிக்கிறது. தசையையே ஊடுருவும் கதிரை, கண்ணுக்குக்கூடத் தெரியாத காற்று எவ்வாறு தடுக்கும்? எக்ஸ் கதிர் வானியலைக் கற்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் எழும் ஐயம் இதுவே.

விடை காற்றின் மென்மையில் இல்லை. அதன் அளவில் இருக்கிறது. தரையில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை எடுத்துக்கொள்வோம். அது ஒரு விரல் நகத்தின் அளவே. அதன்மேல் வானத்தின் எல்லைவரை நிற்கும் காற்றை முழுவதும் நிறுத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஒரு கிலோகிராம் இருக்கும். அதே எடையுள்ள நீரை அதே பரப்பின்மேல் நிறுத்தினால், நீரின் உயரம் 10 மீட்டர் ஆகும். எக்ஸ் கதிர்களைப் பொறுத்தவரை, எடைக்கு எடை காற்றும் நீரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தடுக்கின்றன. ஆகவே நாம் அனைவரும் 10 மீட்டர் ஆழமுள்ள கிணற்றின் அடியில் நிற்கிறோம் என்றே எக்ஸ் கதிருக்குத் தோன்றும். கதிர் கையில் கடந்தது இரண்டு மூன்று சென்டிமீட்டர் தசையை மட்டுமே என்பதை இங்கே நினைவில் கொள்க.

கதிர் அழிவது எப்படி? காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களின் உட்பகுதியில் எலக்ட்ரான்கள் இறுகப் பிணைந்துள்ளன. எக்ஸ் கதிர்த் துகள் ஒன்று அத்தகைய அணுவில் மோதினால், உள்ளிருக்கும் எலக்ட்ரானைப் பிடுங்கி வெளியே எறிந்துவிடுகிறது. அந்த வேலையிலேயே அது தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு மறைந்துபோகிறது. ஒவ்வொரு துகளும் மோதுவதற்கு முன் எவ்வளவு தொலைவு செல்லும் என்பது தற்செயல்தான். ஆனால் கோடிக்கணக்கான துகள்கள் வரும்போது ஓர் ஒழுங்கு தோன்றுகிறது. குறிப்பிட்ட தடிமன் காற்றைக் கடந்தால் பாதித் துகள்கள் மறையும். மீண்டும் அதே தடிமனைக் கடந்தால் எஞ்சியதில் பாதி மறையும்.

எக்ஸ் கதிரின் ஆற்றலைக் கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்னும் அலகால் அளப்பர். மருத்துவமனையில் பயன்படும் கதிர்களை ஒத்த, 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள கதிரை எடுத்துக்கொள்வோம். அதனைப் பாதியாக்க, 2 சென்டிமீட்டர் நீருக்குச் சமமான காற்றுப் போதும். தலைக்கு மேலிருப்பதோ 1,000 சென்டிமீட்டர் நீருக்குச் சமமான காற்று. எனவே கதிர் தரையை அடைவதற்குள் 500 முறை பாதியாக வேண்டும். பத்து முறை பாதியானாலே ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இருபது முறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஐந்நூறு முறை பாதியாக்கினால், ஒன்றுக்குப் பின் நூற்றைம்பது சுழியம் இட்டு எழுதும் எண்ணில் ஒரு பங்கு மிஞ்சும். விண்மீன் எத்தனை ஒளிமிக்கதாயினும், அதன் எக்ஸ் கதிரில் ஒரு துகளும் தரைக்கு வாராது. பெரிய தொலைநோக்கி கட்டினால் கிடைத்துவிடும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. பூமியில் உயிர்கள் தழைத்திருப்பதற்கு இந்தத் தடுப்பும் ஒரு காரணம் என்பதால், வானியலார் காற்றின்மேல் குறை சொல்ல முடியாது.

இனி, இதே கணக்கை உயரத்தில் செய்துபார்ப்போம். மேலே செல்லச் செல்லக் காற்று விரைவாகக் குறைகிறது. 30 கிலோமீட்டர் உயரத்தில் நூற்றில் ஒரு பங்கு காற்றே மேலே எஞ்சியிருக்கும். 40 கிலோமீட்டரில் எஞ்சியிருப்பது வெறும் 3 சென்டிமீட்டர் நீருக்குச் சமமானது. அதில் நம் கதிர் ஒன்றரை முறையே பாதியாகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியான துகள்கள் தப்பிப் பிழைத்துக் கருவியை அடைகின்றன. தரையில் இருந்த இருட்டறைக்கு, நாற்பது கிலோமீட்டரில் ஒரு சன்னல் திறந்துவிடுகிறது.

1968-இல் ஐதராபாத் வானில்

சூரியனுக்கு அப்பால் எக்ஸ் கதிர் வீசும் விண்பொருள் ஒன்று இருப்பதை உலகம் அறிந்தது 1962 சூன் மாதத்தில். ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவில் ஒரு சிறிய ராக்கெட்டை ஏவினர். சில நிமிடங்களே அது காற்றுக்கு மேலே இருந்தது. அந்தச் சில நிமிடங்களில் விருச்சிக விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து வலிமையான எக்ஸ் கதிர்கள் வருவதை அது கண்டது. அப்பொருளுக்கு ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 எனப் பெயரிட்டனர். இக்கண்டுபிடிப்பில் தொடங்கிய பணிக்காக ஜியாக்கோனி 2002-இல் நோபல் பரிசு பெற்றார்.

ராக்கெட்டிற்குக் கிடைத்தது நிமிடங்கள். பலூனுக்கோ மணிக்கணக்கில் நேரம் கிடைக்கும். டாட்டா நிறுவனத்தார் ஹோமி பாபாவின் காலத்திலிருந்தே, அண்டக்கதிர்களை ஆராய்வதற்காகப் பலூன்களை அனுப்பிப் பழகியவர்கள். பி.வி. ஸ்ரீகண்டன், பி.சி. அகர்வால் முதலியோர் அடங்கிய அந்நிறுவனக் குழு, 1968 ஏப்ரலில் ஐதராபாத்திலிருந்து பலூனில் ஒரு கருவியை அனுப்பி, அதே ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்னும் பொருளின் எக்ஸ் கதிர்களை அளந்தது. இந்திய எக்ஸ் கதிர் வானியலின் தொடக்க நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

ஐதராபாத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. விண்வெளியிலிருந்து மின்னூட்டம் பெற்ற அண்டக்கதிர்த் துகள்களும் ஓயாமல் பொழிகின்றன. அவை கருவியில் விழுந்தால், எக்ஸ் கதிர் விழுந்தாற்போலவே கருவி எண்ணிவிடும். சந்தையின் இரைச்சலில் ஒருவர் மெல்லப் பேசுவதைக் கேட்பது போன்ற நிலை அது. பூமியின் காந்தப்புலம் அத்துகள்களை விலக்கித் தள்ளுகிறது. காந்த நடுக்கோட்டிற்கு அருகில் அந்த விலக்கம் மிக வலிமையானது. தென்னிந்தியா அக்கோட்டை ஒட்டியுள்ளது. ஆகவே ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ பறக்கும் பலூனைவிட, ஐதராபாத் வானில் பறக்கும் பலூனுக்கு இரைச்சல் குறைவு.

குறைவு என்றால் இல்லை என்று பொருளாகாது. அதனால் ஆய்வாளர்கள் ஓர் எளிய முறையைக் கையாண்டனர். கருவியைச் சிறிது நேரம் விண்மீனை நோக்கித் திருப்புவர். பின்னர் அருகிலுள்ள வெற்று வானத்தை நோக்கித் திருப்புவர். மீண்டும் விண்மீனுக்கு வருவர். விண்மீனை நோக்கும்போது எண்ணிக்கை உயர்ந்து, விலகும்போது தாழ்ந்தால், அந்த வேறுபாடே விண்மீனிலிருந்து வந்தது. இரு நிலையிலும் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தால், அன்று எண்ணியது முழுவதும் இரைச்சல்தான்.

நீராவி என்னும் திரை

அகச்சிவப்புக் கதிரின் கதை வேறு. அதன் ஆற்றல் மிகக் குறைவு; அணுவின் உள்ளே புகுந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் வலிமை அதற்கு இல்லை. காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்காக உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதனைப் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. அதைத் தடுப்பவை, சிறிதளவே உள்ள நீராவியும் கரியமிலவாயுவும் ஆகும்.

நீரின் மூலக்கூறு வளைந்த வடிவமுடையது. நடுவில் ஓர் ஆக்சிஜன், இருபுறமும் இரு ஹைட்ரஜன். ஆக்சிஜன் பக்கம் சிறிது எதிர்மின்னும், ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின்னும் தங்கியுள்ளன. அகச்சிவப்புக் கதிர் என்பது மின் அலை. அது கடந்து செல்லும்போது நேர்மின்னை ஒரு பக்கமும் எதிர்மின்னை மறுபக்கமுமாகத் தள்ளி இழுக்கிறது. உடனே மூலக்கூறு சுழலவும் அதிரவும் தொடங்குகிறது. கதிரின் ஆற்றல் அந்தச் சுழற்சியில் கரைந்துவிடுகிறது. நைட்ரஜன் மூலக்கூற்றில் ஒரே வகை அணுக்கள் இரண்டும் சமமாக நிற்பதால், அலை பற்றி இழுப்பதற்கு அதில் ஒரு பிடி இல்லை. பிடி உள்ள குடத்தைத் தூக்குவதற்கும், பிடியற்ற உருண்டையைத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

சில அகச்சிவப்பு அலைகளுக்குக் காற்றில் இடுக்குகள் உண்டு. லடாக்கின் ஆன்லே போன்ற, 4,500 மீட்டர் உயரமுள்ள வறண்ட மலைகளில் அமைந்த தொலைநோக்கிகள் அவ்விடுக்குகளின் வழியே பார்க்கின்றன. ஆனால் தொலை அகச்சிவப்பு எனப்படும் நீண்ட அலைகளுக்கு, மலையுச்சியும் போதாது. எடுத்துக்காட்டாக, 158 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஓர் அலை உண்டு. அதன் நீளம் ஏறத்தாழ இரண்டு தலைமயிர்களின் பருமன். விண்மீன்களுக்கு இடையேயுள்ள வாயுவில், ஓர் எலக்ட்ரானை இழந்த கார்பன் அணுக்கள் இந்த அலையை வெளியிடுகின்றன. வாயு மேகம் தன் வெப்பத்தை இழந்து குளிர்வது பெரிதும் இந்த அலையின் வழியாகத்தான். மேகம் குளிர்ந்து சுருங்கினால்தான் புதிய விண்மீன் பிறக்கும். ஆகவே விண்மீன் பிறப்பை அறிய விரும்புவோருக்கு இந்த அலை இன்றியமையாதது. தரையில் நின்று அதைக் காண்பதோ இயலாதது.

தலைக்கு மேலுள்ள நீராவி முழுவதையும் நீராக்கித் தரையில் பரப்பினால், ஐதராபாத்தில் மழைக்காலத்தில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். ஆனால் இந்த நீராவி முழுவதும் ஏறக்குறைய அடியிலேயே தங்கியிருக்கிறது. மேலே ஏறினால் குளிர் மிகும். குளிர்ந்தால் நீராவி மேகமாகி மழையாகக் கீழே வந்துவிடும். ஐதராபாத்திற்கு மேலே 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 80 டிகிரி செல்சியஸ் அளவிற்குத் தாழ்கிறது. நீராவி அந்தக் குளிர்ந்த அடுக்கைக் கடக்க முயன்றால் உறைந்து பனித்துகளாகிவிடும். அது ஒரு கண்ணி போன்றது. அதற்கு மேலுள்ள காற்று மிகவும் வறண்டது. 30 கிலோமீட்டருக்கு மேலே எஞ்சியிருக்கும் நீராவியை நீராக்கினால், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது.

எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி காற்று முழுவதற்கும் மேலே செல்ல வேண்டும். அகச்சிவப்புத் தொலைநோக்கி நீராவிக்கு மேலே சென்றால் போதும். இதனால்தான் அமெரிக்கரும் செருமானியரும் 2.5 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கியை ஒரு போயிங் 747 விமானத்தில் பொருத்தி, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் உயரத்திலிருந்தே வானத்தை ஆராய முடிந்தது. சோஃபியா என்னும் அந்த விமானம் 2022 வரை பறந்தது. எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை விமானத்தில் ஏற்றுவதால் ஒரு பயனும் இல்லை; அந்த உயரத்தில் இன்னும் ஒன்றரை மீட்டருக்கும் மேற்பட்ட நீருக்குச் சமமான காற்று தலைக்கு மேலே நிற்கும்.

பலூனின் பயணம்

டாட்டா நிறுவனத்தார் 100 சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட அகச்சிவப்புத் தொலைநோக்கி ஒன்றை உருவாக்கி, ஐதராபாத்திலிருந்து பலமுறை பறக்கவிட்டுள்ளனர். ஜப்பானிய அறிவியலாருடன் இணைந்து, மேலே கூறிய கார்பன் அலையைக் கொண்டு ஓரியன் விண்முகிலை அது படமாக்கியது. மார்கழி மாதத்து ஆதிரை நாள் நம்மவர் நன்கறிந்தது. அந்தத் திருவாதிரை விண்மீன் அமைந்துள்ள ஓரியன் கூட்டத்தில்தான், விண்மீன்கள் பிறக்கும் அந்த முகிலும் உள்ளது.

அத்தகைய கருவியை ஏற்றும் பலூன் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பலூனும் கருவியும் சேர்ந்து ஒன்றரை டன் என்று வைத்துக்கொள்வோம். தரையில் ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் வாயு ஏறத்தாழ 1.1 கிலோகிராம் எடையைத் தூக்கும். ஆகவே சுமார் 1,400 கன மீட்டர் வாயு தேவை. பலூன் 31 கிலோமீட்டர் உயரத்தை அடையும்போது, வெளிக்காற்றின் அடர்த்தி தரையில் இருந்ததில் எண்பதில் ஒரு பங்காகிவிடும். உள்ளிருக்கும் வாயுவும் எண்பது மடங்கு விரியும். ஆகவே பலூன் 1,12,000 கன மீட்டரைக் கொள்ளும் அளவிற்குப் பெரிதாக வேண்டும். தரையில் அதன் உச்சியில் மட்டும் ஒரு சிறு குமிழ் உப்பியிருக்க, மற்றப் பகுதி சுருங்கிய வேட்டிபோல் தொங்குவது இதனால்தான். முழுதும் நிரப்பி அனுப்பினால், விரிவதற்கு இடமின்றி வாயு வீணாகும். பலூனின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். மிகுந்த வாயு அவ்வழியே வெளியேறும்.

பலூனைச் செய்யும் பொருள் பாலித்தீன் தாள். எடை மிகக்கூடாது என்பதால் அது கடைகளில் தரும் பைகளைவிட மெல்லியது. இங்கேதான் இடர் காத்திருக்கிறது. நீராவியை உறையவைத்து மேல்வானை வறண்டதாக்கிய அதே குளிரடுக்கைப் பலூனும் கடந்தாக வேண்டும். மற்ற நாடுகளின் பலூன் நிலையங்கள் பெரும்பாலும் நடுக்கோட்டிற்குத் தொலைவில் உள்ளவை. அங்கே அந்த அடுக்கு இவ்வளவு குளிராக இராது. அங்கே நன்றாகப் பறக்கும் தாள், ஐதராபாத் வானின் 80 டிகிரிக் குளிரில் அப்பளம்போல் நொறுங்கக்கூடும். எனவே இக்குளிரிலும் நெகிழ்ச்சி குன்றாத தாளைத் தேர்ந்து பயன்படுத்த வேண்டியிருந்தது. நடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் இரைச்சல் குறைந்தது என்று கண்டோம். அந்த நன்மைக்குக் கொடுக்கும் விலை இது.

பலூன் விநாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் ஏறும். குளிரடுக்கை அடைய ஒரு மணி நேரம் செல்லும். கருவியிலுள்ள காற்றழுத்தமானி, அளவீடுகளை வானொலி வழியே தரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அழுத்தம் சீராகக் குறைந்துவந்தால் பலூன் நலமாக ஏறுகிறது என்று பொருள். குறைவது நின்று, அழுத்தம் மீண்டும் கூடத் தொடங்கினால், தாள் கிழிந்துவிட்டது என்பதைத் தரையில் இருப்போர் அறிவர். பல மாத உழைப்பு அந்த ஒரு மணி நேரத்தைப் பொறுத்தது. கிழியாமல் கடந்துவிட்டால், மேலும் முக்கால் மணி நேரத்தில் பலூன் மிதக்கும் உயரத்தை அடையும்.

மிதக்கத் தொடங்கிய பின்னும் அகச்சிவப்புத் தொலைநோக்கிக்கு ஒரு தொல்லை எஞ்சியுள்ளது. வெப்பமுள்ள பொருள் யாவும் அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. தொலைநோக்கியின் கண்ணாடியும் ஒளிர்கிறது. எஞ்சிய காற்றும் ஒளிர்கிறது. உச்சி வெயிலில் அகல்விளக்கின் சுடரைத் தேடுவது போன்றது வானியலாரின் பணி. ஆகவே கதிரை உணரும் கருவியைத் திரவ ஹீலியத்தின் துணையால் சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 273 டிகிரிவரை, அதாவது இயற்கையில் இயலும் கடைசிக் குளிருக்கு மிக அருகில், குளிர்விக்கின்றனர். தொலைநோக்கியின் சிறு கண்ணாடி விநாடிக்குப் பலமுறை அசைந்து, விண்பொருளையும் அருகிலுள்ள வெற்று வானத்தையும் மாறிமாறிப் பார்க்கிறது. எக்ஸ் கதிர்க் கருவி நிமிடக்கணக்கில் செய்த கழித்தலை, இது கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது.

விழும் பெட்டியும் ஏறும் செயற்கைக்கோளும்

சில மணி நேரம் கழித்து, தரையிலிருந்து ஓர் ஆணை செல்லும். கருவி பலூனிலிருந்து அறுபட்டு, வண்ண வான்குடையில் இறங்கும். அது எங்கே இறங்கும் என்பதைக் காற்றே முடிவு செய்கிறது. பெரும்பாலும் விசாகப்பட்டினம், ஐதராபாத், சோலாப்பூர் ஆகியவற்றை இணைக்கும் கோட்டை ஒட்டி, நகரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் அது விழக்கூடும். சோள வயலிலோ, பருத்திக் கொல்லையிலோ, ஏரிக்கரையிலோ விழும். அதனால் பலூன் பறக்கும் காலம் வரும்போது, வழியிலுள்ள மாவட்ட மக்களுக்கு நாளேடுகள் வாயிலாக அறிவிப்புச் செய்வர். கருவியைத் தொடாமலும் பிரிக்காமலும், அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ அஞ்சலகத்திற்கோ தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்வர். இது வெறும் சம்பிரதாயம் அன்று. சில கருவிகளில் உயர் மின்னழுத்தம் இருக்கும்; ஆர்வத்தால் திறப்பவருக்கு உயிருக்கே கேடு நேரலாம். மறுபுறம், தொலைநோக்கி நலமாகத் திரும்பினால்தான் அதைச் செப்பனிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் பறக்கவிட இயலும். வயலில் பெட்டியைக் கண்ட ஓர் உழவர் செய்யும் செயலில், பல ஆய்வாளர்களின் எதிர்காலம் தங்கியிருக்கிறது.

பலூனால் இயலாததும் உண்டு. 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ் கதிரைப் பாதியாக்க, ஒன்றரை மில்லிமீட்டர் நீருக்குச் சமமான காற்றே போதும். 40 கிலோமீட்டரில் எஞ்சியிருக்கும் 3 சென்டிமீட்டரில் அது இருபது முறை பாதியாகிவிடும். பத்து லட்சத்தில் ஒன்றே தப்பும். பல விண்பொருள்கள் மிகுதியாக வீசுவது இத்தகைய ஆற்றல் குறைந்த கதிர்களையே. அவற்றைப் பிடிக்கக் காற்றை முழுவதும் விட்டு வெளியேறித்தான் ஆக வேண்டும். மேலும், பலூன் ஓரிரவில் காண்பதைத் தொடர்ந்து பல ஆண்டுகள் காண்பதற்கும் வேறு வழியில்லை.

அந்த வழி 2015 செப்டம்பர் 28 அன்று, பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஸ்ரீஅரிகோட்டாவில் திறந்தது. அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அஸ்ட்ரோசாட் என்னும் செயற்கைக்கோளை 650 கிலோமீட்டர் உயரத்தில் சேர்த்தது. அதிலிருந்த பெரிய எக்ஸ் கதிர் உணர்கருவிகளை உருவாக்கியது டாட்டா நிறுவனம். செனான் வாயு நிரப்பிய பெட்டிகளில் கதிர்களைப் பிடிக்கும் அந்த முறை, அதற்கு முன்பே ஐதராபாத் பலூன்களில் ஏறிப் பழகியதாகும். 1968-இல் பலூன் குழுவில் இடம்பெற்ற பி.சி. அகர்வாலே, அக்கருவிகளை உருவாக்குவதிலும் முன்னின்றார். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் தம் குழு நோக்கிய ஸ்கார்பியஸ் எக்ஸ்-1, காற்றின் தடை சிறிதுமின்றி, இப்போது அவர் கருவிகளின் பார்வைக்குள் வந்தது.

சொற்பொருள்

அகச்சிவப்புக் கதிர் – சிவப்பொளியைவிட நீண்ட அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலப்படாத கதிர்
அண்டக்கதிர் – விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களின் பொழிவு
இடுக்கு – சிறு இடைவெளி
கண்ணி – பறவை, விலங்குகளைப் பிடிக்க வைக்கும் பொறி
வான்குடை – உயரத்திலிருந்து மெல்ல இறங்க உதவும் பெரிய துணிக்குடை
விண்முகில் – விண்மீன்களுக்கு இடையே பரந்துள்ள வாயு மேகம்

பயிற்சி

1. கையை ஊடுருவும் எக்ஸ் கதிர் வளிமண்டலத்தை ஊடுருவாமைக்குக் காரணம் யாது?

2. ஒரு பலூன் 36 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அதற்கு மேலுள்ள காற்று 5 சென்டிமீட்டர் நீருக்குச் சமமானது எனில், 30 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர் எத்தனை முறை பாதியாகும்? 40 கிலோமீட்டரில் மிதக்கும் பலூனோடு ஒப்பிட்டு எழுதுக.

3. அகச்சிவப்புத் தொலைநோக்கியை விமானத்தில் ஏற்றிப் பயன்படுத்தலாம். எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை அவ்வாறு பயன்படுத்த இயலாது. ஏன்?

4. 17 கிலோமீட்டர் உயரத்திலுள்ள குளிரடுக்கு வானியலாருக்குச் செய்யும் நன்மை ஒன்றும் தீமை ஒன்றும் எழுதுக.

5. வான்குடையில் இறங்கும் கருவிப் பெட்டியின்மேல் ஒட்டுவதற்கு, எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் புரிந்துகொள்ளுமாறு, ஐந்து வரிகளில் ஓர் அறிவிப்பைத் தமிழில் எழுதுக.